வருகைப் பதிவின் வள்ளலே!

காலையிலிருந்து போன் ஓயவில்லை. இன்று ஆசிரியர் தினம். எங்கள் பழைய மாணவர் குழுவில் இருப்பது இருபத்தேழு பேர். அதில் இருபது பேர் ஒரே ரோஜாப்பூ படத்தை அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் மெழுகுவத்தி அனுப்பியிருக்கிறார். யாருக்கு இரங்கல் என்று கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

குழுவை நடத்துகிறவன் என் வகுப்புத் தோழன். அந்தக் காலத்தில் கடைசிப் பெஞ்சு, இப்போது காக்களூரில் லேத் பட்டறை முதலாளி. அவன்தான் உத்தரவு போட்டான்: "பூ அனுப்புனது போதும். நம்ம கணக்கு சாரைப் பத்தி ஆளுக்கு நாலு வரி எழுதுங்க." பிறகு எனக்குத் தனியாகப் போன் செய்தான்.

"நீ மொதல்ல எழுது. உனக்குத்தான் எக்ஸ்பீரியன்ஸ் கீது."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்க மாட்டானா பின்னே! நாற்பது வருஷத்துக்கும் முன்னால், இதே ஆசிரியர் தினத்துக்கு, இதே சாரைப் புகழ்ந்து நான் ஒரு முறை எழுதியிருக்கிறேன். அதில் அவர் வேலையே போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இப்போது எழுதப் போகிறேன். நாலு வரியில் அடங்காது, குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண். எங்கள் குப்பத்திலிருந்து மூன்று மைல் மணலிலும் வரப்பிலும் நடந்தால் உயர்நிலைப்பள்ளி. வகுப்பில் பாதிப் பேர் நெல் வயல்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேர் நாங்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரப்போவதாகப் பேச்சு. கேட்டில் வேலை கேட்கப் போனால் முதல் கேள்வி 'எஸ்.எஸ்.எல்.சி. பாஸா?' என்பதாகத்தான் இருக்கும் என்று எல்லார் வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள். பதினொன்றாம் வகுப்பு முடிவில் வருகிற அந்தப் பரீட்சைதான் எங்களுக்கு அக்கரை.

சார் செவ்வாப்பேட்டைக்காரர். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அங்கே விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சைக்கிளில் பள்ளிக்கு வருவார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்களுக்குக் கணக்கும் அவர்தான், வகுப்பாசிரியரும் அவர்தான். கோணத்தை அரை டிகிரி பிசகாமல் வரைவார். ஆனால் தூங்குகிறவன் மீது அவர் எறிகிற சாக்பீஸ் ஒரு நாளும் அவன்மேல் பட்டதில்லை, பக்கத்தில் இருக்கிற அப்பாவிமேல்தான் படும். தண்ணீர் என்றால் அவருக்கு உயிர்ப் பயம். மூன்று வருஷம் எங்கள் கரைக்கு வந்து போனவர் ஒரு தரம்கூடப் படகில் கால் வைக்கவில்லை. "முட்டிக்கு மேல தண்ணி வந்தா எனக்கு வாய்ப்பாடே மறந்துடும்" என்பார்.

அவர் கரைக்கு ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்களைப் 'பாடு' என்போம். நினைத்தவர் நினைத்த நேரத்தில் அங்கே வலை கட்ட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன குடும்பங்கள் என்று முறை வைத்துவிடுவார்கள். நம் முறை வருகிற நாளில் வலை கட்டாவிட்டால் அது போனதுதான், திரும்ப முறை வருகிறவரை வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் பாடு நாளில் வீட்டில் ஒருவரும் சும்மா இருக்க முடியாது. பையன்கள் வலைக்கு உதவிக்கு, பெண்கள் இறால் பிரிக்க. அம்மாமார்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் போனால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் நாங்கள்தான். பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. மறுநாள் சார் கேட்டால், "காய்ச்சல் சார்."

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த இரண்டாம் மாதமே சார் கண்டுபிடித்துவிட்டார்.

"அது இன்னா காய்ச்சல், முறை வெச்சி வருது? ஒரு நாள் நாலு பேருக்கு, இன்னொரு நாள் வேற நாலு பேருக்கு?"

அன்று சாயங்காலமே சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு குப்பத்துக்கு வந்து நின்றார். என் நைனாவிடம் பாடு முறை முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டார். நைனா பயந்துபோய், "புள்ளிங்களை அடிக்காதீங்க சார், தப்பு எங்க மேலதான்" என்றார். சார் அடிக்கவில்லை. அடுத்த பாடு நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாக்பீஸோடு வந்தார். கரையில் ஒருக்களித்துக் கிடந்த எங்கள் படகின் பக்கப் பலகையில் புதுத் தார் பூசியிருந்தது. அதில் அன்று பள்ளியில் நடத்திய பாடத்தை அப்படியே எழுதி நடத்தினார். எங்கள் கையெல்லாம் இறால் கவிச்சி. அவருக்கு முதலில் குமட்டியது, பிறகு பழகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. மறுநாள் வகுப்பில் அவர் வருகைப் பதிவேட்டைத் திறப்பார். காலையில் ஒரு சாய்கோடு, மத்தியானம் அதன் குறுக்கே ஒரு சாய்கோடு, இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி, முழு நாள் வருகை. முந்தின நாள் காலியாக விட்டிருந்த கட்டத்தில் எங்களுக்கும் பெருக்கல் குறி விழும். அதன் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அது என்ன புள்ளி என்று நாங்கள் கேட்டதில்லை. குறிப்பிட்ட அளவு வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கு நம் பெயரையே அனுப்ப மாட்டார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். சார் போடுகிறார், நாம் தப்பித்தோம். எங்கள் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

பதினொன்றாம் வகுப்பு. அந்த வருஷம் ஆசிரியர் தினத்துக்கு மாவட்டக் கல்வி அதிகாரியே தலைமை தாங்க வருகிறார் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மற்ற வகுப்புகள் தங்கள் வகுப்பாசிரியருக்கு மாலை, எலுமிச்சம்பழம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஒரு படி மேலே போய் வாழ்த்து மடல் என்று முடிவு செய்தோம். அந்தக் காலத்தில் ஒருவரைப் புகழ வேண்டுமென்றால் அதுதான் வழி. வழவழப்பான மஞ்சள் தாளில் நான்கு பக்கமும் கொடி ஓட, 'மேதையே!', 'சிகரமே!' என்று பெரிய எழுத்தில் விளித்து விளித்து, ஒவ்வொரு விளிக்கும் கீழே ஐந்து வரி அச்சடிக்க வேண்டும். ஒரு பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் வாசித்துக் கையில் கொடுக்க வேண்டும். மீதியைக் கூட்டத்தில் வந்தவர்களுக்கெல்லாம் வினியோகிக்க வேண்டும்.

எழுதுகிற பொறுப்பு எனக்கு. கட்டுரையில் எப்போதும் நான்தான் முதல் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கணித மேதையே, கடமை வீரரே, எளிமையின் சிகரமே, அன்பின் உறைவிடமே, ஏழை மாணவரின் ஏணியே என்று ஐந்து விளி எழுதித் தமிழய்யாவிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்திவிட்டு, "பலே" என்று கையெழுத்துப் போட்டார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஒரு அச்சாபீஸ். நானும் கடைசிப் பெஞ்சுக்காரனும் ஒரு கூடை இறாலோடு போனோம். அச்சுக்கூலிக்கு அதுதான் ஒப்பந்தம். அச்சாபீஸ்காரர் பெட்டிகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, கட்டி, மை தடவி, ஒரு தாளை வைத்துத் தட்டிப் புரூப் எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் தாளின் அடியில் வெள்ளையாக இடம் கிடந்தது.

"இன்னாம்மா, கீழ நாலு வெரக்கடை காலியா கீது. பூ டிசைன் போட்டா கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆயிடும். இன்னொரு விளி எழுதிக் குடு, போட்டுடறேன்."

திரும்பப் போய்த் தமிழய்யாவிடம் காட்ட நேரமில்லை, நாளைக்கு விழா. எதைப் பற்றி எழுதுவது என்று நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவன்தான் எடுத்துக் கொடுத்தான்.

"சார் நமக்கு அட்டெண்டன்ஸ் போடறாரே, அத்த எழுதேன். வேற எந்த வாத்தியாரு போடறாரு?"

நியாயமாகத்தான் பட்டது. அங்கேயே நின்றபடி பத்து நிமிஷத்தில் எழுதினேன். இன்றைக்கும் எனக்கு அது வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

'வருகைப் பதிவின் வள்ளலே! பாடு நாள்களில் பள்ளிக்கு வாராத எங்களையும் வந்தவராய்க் குறித்து, வருகைக் குறைவென்னும் வறுமையை விரட்டினீர்! கேட்டால் கொடுப்போர் உலகில் உண்டு. கேளாமலே நாள்தோறும் பெருக்கல் குறி வழங்கியவர் தாங்கள் ஒருவரே!'

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதோடு நிற்காமல் சாரையும் சேர்த்துக் கெடுத்தேன், அதுவும் இருநூறு பிரதி அச்சடித்து.

விழா மத்தியானம் மூன்று மணிக்கு. காலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களாகி சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்தினோம். கடைசிப் பெஞ்சுக்காரன் ஆறாம் வகுப்புக்கு டிரில் வாத்தியாராகி, தனக்கு விழுந்த அடிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். தலைமை ஆசிரியர் ஓடினார். ஆசிரியர்கள் எல்லார் சட்டையிலும் ஆசிரியர் தினக் காகிதக் கொடி குத்தியிருந்தது. எட்டாம் வகுப்புப் பையன்கள் மஞ்சள் தாள்களை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். மேடையில் இருந்தவர்களுக்கும் ஆளுக்கொன்று.

நான் சட்டம் போட்ட மடலைக் கையில் பிடித்து வாசிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு விளிக்கும் கைத்தட்டல். சார் ஓரத்து நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார், புகழ்ந்தால் அவருக்கு ஆகாது. ஆறாவதற்கு வந்தபோது, என் சொந்தச் சரக்கு, தமிழய்யா கை படாதது என்ற பெருமையில் குரலை இன்னும் உயர்த்தினேன்.

"வருகைப் பதிவின் வள்ளலே!"

குப்பத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'ஆமாம், நாங்கள்தான் வராதவர்கள்' என்று கையைத் தூக்கிக் காட்டியது போலத்தான் அது. நான் வாசித்து முடித்துத் திரும்பினால் தலைமை ஆசிரியர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தபடி இருக்கிறார். தமிழய்யா தன் தாளை மூக்கருகே வைத்துப் படிக்கிறார். அதிகாரி தன் தாளை மடித்து மேசைமேல் வைத்தார்.

"பதினொண்ணாம் வகுப்பு வருகைப் பதிவேடு இருக்கா?"

சத்தமில்லாமல்தான் கேட்டார். மைக் அதையும் பிடித்து எல்லாருக்கும் சொன்னது.

மேடையின் படிக்கட்டருகே தலைமை ஆசிரியர் தமிழய்யாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பொய் வருகை போட்டா சஸ்பெண்டுய்யா. வேலையே பூடும். இந்தப் பொண்ணு எழுதினதைப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செவ்வாப்பேட்டையில் இருக்கிற இரண்டு குழந்தைகளின் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்த நிமிஷம் அவர்கள்தான் என் கண்முன் நின்றார்கள்.

பதிவேட்டைச் சாரே போய் எடுத்துக்கொண்டு வந்தார். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார்.

"இந்த மடல்ல இருக்கறது உண்மையா?"

"பாதி உண்மை சார்" என்றார் எங்கள் சார். "பள்ளிக்கூடத்துக்கு வரல. பாடத்துக்கு வந்தாங்க. புள்ளி வெச்ச நாளெல்லாம் நான் சாயங்காலம் கரைக்குப் போயி நடத்தின நாளு."

"நடத்தினீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"பசங்களையே கேளுங்க சார்."

அதிகாரி விரலை ஒரு புள்ளியின் மேல் வைத்தார். ஜூலை மாதத்து நாள் ஒன்று. அந்த வரிசையில் இருந்த ஒரு பெயரை வாசித்தார். எத்தனை பிள்ளைகள் இருக்கிறோம், அவர் விரல் போய் நின்றது கடைசிப் பெஞ்சுக்காரன் பெயரில். முன்வரிசையில் யாரோ, "போச்சுடா" என்று வாய்விட்டே சொன்னார்கள்.

அவன் மேடை ஏறினான். 'வருக வருக' என்று வண்ணச் சாக்பீஸில் எழுதியிருந்த கரும்பலகையைத் திருப்பி வைத்தார்கள்.

"அன்னிக்கு என்ன பாடம்?"

"செங்கோண முக்கோணத் தேற்றம் சார்."

"எழுது."

படம் வரைந்தான். மூன்று பக்கத்திலும் சதுரம் வரைந்தான். தரவு எழுதினான். நிறுவ வேண்டியது எழுதினான். அமைப்பு எழுதி, உச்சியிலிருந்து ஒரு செங்குத்துக்கோடும் இறக்கினான். வகுப்பில் ஒரு வரி ஒழுங்காக எழுதாதவன்! பிறகு 'நிறுவல்' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக்கொண்டான்.

"ம், மேல எழுது."

"அவ்ளோதான் சார்."

"நிறுவல் எங்கே?"

அவன் என்னைக் கை காட்டினான். "அதுக்குள்ள நீரோட்டம் மாறிச்சின்னு இவ நைனா படகைத் தள்ளிக்கினு பூட்டாரு சார். படகு மேலதான எழுதிக்கினு இருந்தோம்? நிறுவல் ஏரிக்குப் பூடுச்சி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் மீசை அசைந்தது.

"சரி, மீதியை எப்ப நடத்தினாரு?"

அவன் மறுபடியும் என்னைக் கை காட்டினான். வாய் திறக்கத் தைரியம் எங்கிருந்து வந்ததோ, நான் சொன்னேன். "நாலு நாள் கழிச்சி அடுத்த முறையில சார். அன்னிக்கு எனக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. இவன் சாயங்காலம் படகுலயே பூட்டான், கரைக்கு வரவேயில்ல."

"நீ எழுது."

எழுதினேன். முக்கோணம் இரண்டும் சர்வசமம் என்று தொடங்கி, கடைசிவரை எழுதி முடித்தேன். அதிகாரி பலகையை அதிகம் பார்க்கவில்லை. பதிவேட்டில் நாலு நாள் தள்ளிப் போய், விரலை என் வரிசையில் வைத்தார், பெருக்கல் குறி, அதன் கீழே புள்ளி. விரலை அவன் வரிசைக்கு இறக்கினார். அங்கே புள்ளியும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. 'ஆப்சென்ட்' என்பதற்கான எழுத்துதான் இருந்தது.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு பாடு நாளிலும் புள்ளி வாங்கியவர்கள் சிலர், வாங்காதவர்கள் சிலர். கரைக்கு வந்தவனுக்குத்தான் வருகை. பாதியில் எழுந்து ஓடியவனுக்கு அரை நாள்தான், ஒற்றைச் சாய்கோடு. எங்களுக்கே அது அன்றுதான் தெரிந்தது.

"இவரையா வள்ளல்னு எழுதின?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். "இவரை மாதிரி ஒரு கஞ்சனை நான் பாத்ததில்லை."

கைதட்டல் எழுந்தது. அவர் கையை உயர்த்தி அடக்கினார். சிரிப்பெல்லாம் அதோடு சரி, மீதியை அதிகாரியாகவே சொன்னார். பள்ளிக்கூடத்துக்குள் இல்லாதவன் இருந்ததாக எழுதியது தவறு, எந்தக் காரணம் சொன்னாலும் தவறு. புள்ளி வைத்த குறிகளையெல்லாம் இந்த வருஷப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்து, ஆப்சென்ட் என்று திருத்தி, ஒவ்வொன்றின் அருகிலும் கையெழுத்துப் போட வேண்டும். மெமோ வரும், எழுத்தில் விளக்கம் தர வேண்டும். வருகை குறைகிற பிள்ளைகளுக்காகக் குறைவை மன்னிக்கச் சொல்லி முறையாக விண்ணப்பம் அனுப்ப வேண்டும், கரையில் நடந்த பாடங்களின் தேதியையும் சேர்த்து. "காய்ச்சல்னு எழுதாதீங்க. பாடுன்னே எழுதுங்க. நான் பரிந்துரை பண்ணறேன்."

வேலை போகவில்லை. எனக்குக் கால் தரையில் பட்டது அப்போதுதான்.

சட்டம் போட்ட மடலை அதிகாரியே சாரிடம் கொடுத்தார். "ஊட்டுல மாட்டிக்கோங்க, ஆனா கூடத்துல வேணாம், நாலு பேரு பாப்பாங்க" என்று காதோடு சொன்னாராம். வினியோகித்த மஞ்சள் தாள்களைத் தலைமை ஆசிரியர் வரிசைக்கு வரிசை ஓடித் திரும்ப வாங்கினார். இருநூறில் பன்னிரண்டு வரவில்லை. ஒன்று என்னிடம் இருந்தது, ரவிக்கைக்குள்.

அன்று சாயங்காலம் சார் ஆசிரியர் அறையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். நான் வாசலில் நின்று அழுதேன். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தேடி, அடித்து, கையெழுத்துப் போட்டு, அடுத்ததுக்குப் போனார். அவர் நடந்த நடையெல்லாம் ஒவ்வொன்றாக அழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் செய்த வேலை அது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினார்.

"இன்னும் ஊட்டுக்குப் போவலியா அம்மாடி? எழுத்து நல்லாத்தான் இருந்துது. ஆனா இனிமே எவனையும் வள்ளல்னு எழுதாத. பேஜாராயிடும்."

அடுத்த வாரம் எங்கள் முறை வந்தது. விடிந்ததிலிருந்து இறால் பிரித்தேன். வருகை இனிப் போட முடியாது, போட்டால் வேலை போகும். அதனால் சார் வர மாட்டார் என்று நாங்கள் நாலு பேரும் முடிவு கட்டியிருந்தோம். அதில் அவர்மேல் எங்களுக்கு வருத்தம்கூட இல்லை. அவர் வந்துகொண்டிருந்ததே அந்தப் பெருக்கல் குறிக்காகத்தானே என்று நினைத்திருந்தோம்.

ஐந்து மணிக்கு நைனாதான் முதலில் பார்த்தார். "ஏ, சாரு வராரு பாரு."

சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசிப் பெஞ்சுக்காரனுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. கேட்டேவிட்டான்.

"இனிமே மார்க்கு போட முடியாதே சார். அப்பால எதுக்கு வந்தீங்க?"

சாருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "மார்க்கு போடறதுக்கா இத்தினி நாளா வந்துகினு இருந்தேன்? உக்காருடா!" என்று சாக்பீஸை எறிந்தார். அது என்மேல் பட்டது.

ஆறு விளி எழுதினேனே அவரைப் பற்றி. அவர் குறி போடுவதற்காக வரவில்லை என்ற இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலே எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பாடம் முடிந்து அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கடைசிப் பெஞ்சுக்காரன் ஒரு ஆணியை எடுத்துப் படகின் பக்கப் பலகையில் கீறினான். தேதி போட்டு, பக்கத்தில் 'சார்' என்று எழுதி, ஒரு பெருக்கல் குறி.

"எவன்டா அது படகைக் கீறறது? தண்ணி பூந்துடும்டா!" என்று நைனா துடுப்போடு ஓடிவந்தார். கீறியிருப்பதைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். துடுப்பைக் கீழே வைத்தார்.

"உள்பக்கம் கீறுங்கடா. தண்ணி படாத பலகையில" என்றார்.

சார் சைக்கிளைப் பிடித்தபடி அழுதார். பெரியவர்கள் அழுது நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்டோபரில் மெமோ வந்தது, விளக்கம் போனது. விண்ணப்பம் பாடு தேதிகளோடு போய், அனுமதியாகித் திரும்பி வந்தது. குப்பத்திலிருந்து நாங்கள் ஒன்பது பேர் பரீட்சை எழுதினோம், ஏழு பேர் பாஸ். நான் தபால் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பட்டறைக்காரன் இரண்டாம் தரம் எழுதி முடித்துக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக் கேட்டுக்குள் வேலைக்கு நுழைந்தான். சார் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

பரீட்சை முடிகிறவரை நைனா அந்த உள்பலகைக்கு மட்டும் தார் பூசவில்லை. மார்ச் வரை கீறல்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. எல்லாம் பெருக்கல் குறி. ஒரே ஒரு நாள், மூன்றாவது குழந்தை பிறந்திருக்கிறதென்று சார் செவ்வாப்பேட்டைக்குப் போய்விட்டார். என்ன போடுவது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. குழந்தை பிறந்ததற்காவது போட்டுவிடலாம் என்றேன் நான். பட்டறைக்காரன் கேட்கவில்லை. ஆணியை எடுத்து ஆப்சென்ட் என்று கீறினான். அடுத்த முறை வந்தபோது சார் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "சரியாத்தான் போட்டுக்கீறீங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைய பாடத்தை எழுத ஆரம்பித்தார்.